பெரியவர்களுக்கான ஸ்கூட்டர் பயிற்சி: நிறுத்துவதில் தொடங்கி யூ டர்ன் வரை

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் பழகுகிறவர்களுக்கு நேராக ஓட்டுவது இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அவர்கள் தடுமாறுவது மூன்று இடங்களில். வண்டி நடை வேகத்துக்கு இறங்கும்போது, தெருவில் திரும்பும்போது, திடீரென்று நிறுத்த வேண்டி வரும்போது. தெருவிலும் உறவிலுமாகப் பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கீழே விழுந்தவர்கள் எல்லோரும் இந்த மூன்றில் ஒன்றில்தான் விழுந்தார்கள். பெரும்பாலும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில்.

வழக்கமாக வீட்டில் என்ன நடக்கிறது? வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்து, "மெதுவா ஆக்சிலேட்டர் கொடு, நான் பின்னாடி பிடிச்சுக்கறேன்" என்கிறார்கள். ஓட்டுவது முதல் நாள், நிறுத்துவது என்றாவது ஒரு நாள். நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் பிரேக், அடுத்து மெதுவாகப் போவது, அதற்குப் பிறகு வட்டம், கடைசியில் யூ டர்ன். ஒன்று கையில் படியாமல் அடுத்ததற்குப் போனால், விட்டுப்போனது யூ டர்னில் வந்து நிற்கும்.

கீழே உள்ளவை கியர் இல்லாத 110, 125 சிசி ஸ்கூட்டருக்கானவை. தினம் முக்கால் மணி நேரம் வைத்தால் எட்டுப் பத்து நாள் ஆகும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் முன்கை களைத்துப் பிரேக் பிடி தளர்ந்துவிடும். அதனால் முக்கால் மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. முதலில் தயார் செய்ய வேண்டியவை

இடம். 40 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சமதளம், தார் அல்லது சிமென்ட் தரை. பள்ளிக்கூட மைதானம் வேண்டாம். "விழுந்தாலும் மண்தானே" என்று அங்கே அழைத்துப் போகிறார்கள், ஆனால் மணலில் முன் பிரேக்கைத் தொட்டாலே சக்கரம் வழுக்கும். பிரேக் பயிற்சி முழுக்கவே அங்கே பொய்யாகிவிடும். எங்களுக்கு வாய்த்தது ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். ஆடி மாதம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் காலை ஆறு மணிக்குப் போய்விடுவோம்.

காகிதம். எல்.எல்.ஆர். கையில் இருக்கட்டும். அது ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பு எல் பலகை இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள, கற்றுத்தருகிற ஆளைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

உடை. தாடைப் பட்டை போட்ட ஹெல்மெட், குதிகாலை மூடும் ஷூ. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். சேலை என்றால் முந்தானையைச் செருகிவிட வேண்டும். ஹவாய் செருப்பு கூடவே கூடாது. கால் ஊன்றும் நொடியில் அது கழன்று, பாதம் நழுவும்.

வண்டி. இரண்டு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். முன்டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் பார் கனத்துப் போய், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழகுகிறவர் அதைத் தன் குறை என்று நினைத்துக்கொள்வார். பிரேக் லிவர் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஹேண்டில் பிடியைத் தொடும் அளவுக்கு வந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

குறிக்க. அரை பாட்டில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள் ஆறு, ஒரு கிண்ணம் கோலமாவு. செங்கல் வைக்காதீர்கள், சக்கரம் ஏறினால் வண்டி சாயும். கோலமாவில் போட்ட கோட்டில் இன்னொரு வசதி உண்டு. டயர் தாண்டினால் மாவில் தடம் விழும். "நான் கோட்டுக்குள்ளதான் வந்தேன்" என்ற வாக்குவாதம் இருக்காது.

2. இன்ஜின் போடாமல் முதல் அரை மணி

சாவி அணைந்த நிலையில் வண்டியை உருட்டுங்கள். இடது பக்கம் நின்று, இரண்டு கையும் ஹேண்டிலில், இடுப்பு சீட்டை ஒட்டி. பத்து அடி போய் இடது பிரேக்கைப் பிடித்து நிறுத்துங்கள். இடது லிவர் பின் பிரேக், வலது லிவர் முன் பிரேக். திருப்புங்கள், பின்னால் தள்ளுங்கள். ஸ்கூட்டர் எடை 105 கிலோவுக்கு முன்பின் இருக்கும். அந்தக் கனம் எப்போது கையை மீறுகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் வைத்து, வண்டியை மெல்ல இடமும் வலமும் சாயுங்கள். கொஞ்சம் சாய்ந்தவரை எடை தெரியாது. ஒரு அளவைத் தாண்டியதும் சட்டென்று முழு எடையும் காலில் இறங்கும். அந்த எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். கற்றுத்தருகிறவர் மறுபக்கம் நின்று பின் கைப்பிடியைப் பிடித்திருக்கட்டும். உயரம் குறைந்தவர்கள் சீட்டின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்கார வேண்டும். சீட் முன்னால் ஒடுங்கியிருப்பதால் பாதம் நன்றாக எட்டும்.

இந்த அரை மணியில் படிய வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. வண்டியை உருட்டும்போதும், ஸ்டாண்ட் போடும்போதும், இறங்கும்போதும் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும் வண்டி சாயும்போது அதைப் பிடிக்க வலது கை இறுகும், இறுகும் கை ஆக்சிலேட்டரைத் திருகும். வண்டி ஆளை இழுத்துக்கொண்டு சுவரில் போய் மோதியதை என் கண்ணால் இரண்டு முறை பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் வண்டி நின்றிருந்தது, ஓட்டியவர் இறங்கப் போனார்.

3. தவழ்ந்து போய் நிறுத்துதல்

இன்னும் இன்ஜின் போடவில்லை. லேசான சரிவு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கால்களால் தரையை உந்தித் தவழுங்கள். நாலைந்து மீட்டர் போனதும் கால்களைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, வண்டி தானாக உருளட்டும். வேகம் குறையும் முன் இடது பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, நின்ற பிறகு இடது காலை ஊன்றுங்கள்.

"நின்ற பிறகு" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வண்டி நகரும்போதே காலை ஊன்றுவதுதான் பெரியவர்களிடம் நான் காணும் முதல் தவறு. ஓடும் வண்டியில் ஊன்றிய கால் பின்னால் இழுபடும், முழங்கால் திருகும், ஒரு பக்கக் கால் இழுபட்டதும் வண்டி அந்தப் பக்கமே சாயும். நிறுத்துவது கை வேலை. கால் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும் பிரேக்கை முடிக்க வேண்டும். ஹேண்டில் திரும்பிய நிலையில் வண்டி நின்றால், திரும்பிய பக்கம் முழு எடையும் விழும்.

இருபது முறை தவழ்ந்து நிறுத்துங்கள். சைக்கிளே ஓட்டாதவர்களுக்கு இங்கே ஒரு முழு நாள் தேவைப்படும். அது நியாயமான கணக்குதான், அவசரப்படுத்த வேண்டாம்.

4. இன்ஜின் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தல்

ஸ்கூட்டரில் கிளட்ச் லிவர் கிடையாது, ஆனால் உள்ளே கிளட்ச் இருக்கிறது. இன்ஜின் சுற்று ஒரு அளவுக்கு ஏறினால் அது தானாகப் பிடிக்கும், குறைந்தால் விட்டுவிடும். மெதுவாக ஓட்டும்போது வண்டி "டக்" என்று குதிப்பதும், சில நேரம் சக்தியே இல்லாமல் உருள்வதும் இதனால்தான்.

ஏறி உட்கார்ந்து, இடது பிரேக்கைப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். வலது மணிக்கட்டு முன்கைக்கு நேராக இருக்கட்டும். மணிக்கட்டை உயர்த்திப் பிடித்தால் கொஞ்சம் அசைந்தாலும் நிறையத் திருகிவிடும். இடது பிரேக்கை விடாமல் ஆக்சிலேட்டரை ஒரு நூல் திருகுங்கள். சத்தம் மாறும், பிறகு வண்டி முன்னால் போகத் துடிப்பது சீட்டில் தெரியும். அதுதான் பிடிக்கும் இடம். உடனே விட்டுவிடுங்கள்.

பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும். தொடர்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் கிளட்ச் சூடேறும்.

5. நடை வேகத்தில் 20 மீட்டர்

கோலமாவால் 20 மீட்டருக்கு இரண்டு கோடுகள் போடுங்கள். நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. இந்தப் பாதையை 12 விநாடியில் கடக்க வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு 6 கிலோமீட்டர், வேகமாக நடக்கிறவரின் வேகம். கற்றுத்தருகிறவர் பக்கத்திலேயே நடந்து வந்தால் ஸ்பீடாமீட்டரைப் பார்க்கும் தேவை இல்லை.

முதலில் எல்லோரும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுப்பார்கள், பயந்து மூடுவார்கள், மறுபடி கொடுப்பார்கள். கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும். வண்டி குதித்துக் குதித்துப் போகும், ஒவ்வொரு குதிப்பிலும் ஹேண்டில் ஆடும்.

சரியான முறை இது. ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே திருகி அப்படியே அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை இடது பிரேக்கால் குறையுங்கள். வலது கை மாறாது, இடது கை இரண்டு விரலால் இழுத்தும் விட்டும் வேகத்தைச் சரிசெய்யும். இன்ஜின் ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருப்பதால் வண்டி நிமிர்ந்து நிற்கும். முன் பிரேக்கை இந்தப் பயிற்சியில் தொடவே கூடாது.

2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் இடது லிவரை அழுத்தினால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். மெதுவாக இழுக்கும் அளவுக்கு இது தொந்தரவு தராது. ஆனால் கோபமாக இழுத்தால் முன்பக்கம் அமுங்குவது தெரியும். விரல் அழுத்தம் இட்லி மாவைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான்.

பார்வை முக்கியம். முன்சக்கரத்தையோ கோலமாவையோ பார்த்தால் வண்டி பாம்பு போல வளையும். 20 மீட்டருக்கு அப்பால் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பாருங்கள். மெதுவாகப் போகும் வண்டியை நிமிர்த்தி வைப்பது ஹேண்டிலில் நடக்கும் சின்னச் சின்னத் திருத்தங்கள். கண் தூரத்தில் இருந்தால் அந்தத் திருத்தங்கள் தாமே நடக்கும். கீழே பார்த்தால் கை தாமதமாகவும் பெரிதாகவும் திருத்தும்.

தோள் இறுகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஓட்டும்போதே இரண்டு முழங்கையையும் லேசாக உதறச் சொல்லுங்கள். உதற முடியவில்லை என்றால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

பின்னால் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். பிடிக்கிறவரின் கை வண்டியைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும், ஓட்டுகிறவர் தன் திருத்தத்தையும் உங்கள் திருத்தத்தையும் பிரித்தறிய முடியாமல் குழம்புவார். இது எனக்கு முதல் மூன்று மாணவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

கோட்டைத் தொடாமல் ஐந்து முறை தொடர்ந்து போனால் அடுத்ததற்குப் போகலாம்.

6. பிரேக் பயிற்சி

ஒரு கோடு போடுங்கள். அதற்கு 25 மீட்டர் முன்னால் தொடங்கி, மணிக்கு 20 கிலோமீட்டரில் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது பிரேக் பிடிக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு பாட்டில் வைத்து, தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். முதல் நாள் எட்டு மீட்டர் போகும். நன்றாகப் பழகினால் நான்கு, ஐந்து மீட்டரில் நிற்கும்.

முதல் கட்டம், இடது பிரேக் மட்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டுப் பிடியுங்கள். பதற்றத்தில் பாதி மூடிய ஆக்சிலேட்டரோடு பிரேக் பிடிப்பவர்கள் நிறைய. இன்ஜின் சத்தத்தைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாம் கட்டம், இரண்டு பிரேக்கும் சேர்த்து. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி வலது லிவரையே தொடாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். ஆனால் பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. முன்டயர் தரையை அழுத்துகிறது, பின்டயர் லேசாகிறது. நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன்னால்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் தூரம் கூடும், அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும்.

பிடிக்கும் விதம் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. முதலில் தொட்டு, பிறகு கூட்டிக்கொண்டே போக வேண்டும். எடை முன்னால் போய்ச் சேர ஒரு கணம் தேவை. அதற்கு முன்பே பிடுங்கி இழுத்தால், அழுத்தம் இல்லாத முன்டயர் வழுக்கும். கடைசி ஒரு மீட்டரில் பிடியைச் சற்றுத் தளர்த்துங்கள், முன்பக்கம் அமுங்கி எகிறாமல் நிற்கும்.

மூன்றாம் கட்டம், சொல்லாமல் நிறுத்துவது. கற்றுத்தருகிறவர் பக்கவாட்டில் நின்று கையைத் தூக்கியதும் நிறுத்த வேண்டும். எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. 20 கிலோமீட்டரில் ஒரு விநாடியில் வண்டி ஐந்தரை மீட்டர் போகிறது. அதாவது பிரேக்கைத் தொடும் முன் கரைந்துபோகும் தூரம், பிரேக் பிடித்து நிற்கும் தூரத்துக்குச் சமம். தெருவில் ஓட்டும்போது இடது கையின் இரண்டு விரல் லிவர் மேலேயே இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இது நன்றாக வந்த பிறகு மட்டும் 30 கிலோமீட்டரில் செய்யுங்கள். வேகம் ஒன்றரை மடங்கு, பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ இரண்டே கால் மடங்கு.

பின்சக்கரம் வழுக்கினால் "சர்ர்" என்று சத்தம் வரும், சீட் ஆடும். இடது லிவரைச் சற்று விட்டுப் பிடியுங்கள், ஹேண்டிலை நேராக வைத்திருங்கள். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரம் இருக்காது, உடனே வலது லிவரை விட வேண்டும். மணல், சாணி, ஈரமான இரும்பு மூடி, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, இவற்றின் மேல் வலது பிரேக் வேண்டாம்.

7. வட்டம், பிறகு எட்டு

நடுவில் ஒரு பாட்டில், அதைச் சுற்றி 10 மீட்டர் குறுக்களவில் வட்டம். இடது பக்கம் ஐந்து சுற்று, வலது பக்கம் ஐந்து சுற்று. 5-ஆம் பகுதியில் பழகிய அதே வலது கை, அதே இடது கை. புதிதாக ஒன்றுதான், முகம். தாடை தோள் வரை திரும்பி, வட்டத்தின் எதிர்ப்புறத்தைப் பார்க்க வேண்டும். பாட்டிலைப் பார்த்தால் பாட்டிலில் போய் மோதுவீர்கள்.

வட்டம் 8 மீட்டர், பிறகு 6 மீட்டராகச் சுருங்கட்டும். சிறிய வட்டத்தில் வண்டியை உள்ளே சாய்த்து, உடம்பை நிமிர்த்தி வெளிப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். வேகமாகத் திரும்பும்போது உடம்பும் வண்டியும் சேர்ந்து சாயும், மெதுவாகத் திரும்பும்போது உடம்பு எதிர்ப்புறம். இது சைக்கிள் ஓட்டியவர்களுக்குப் புரிய நேரமாகும், ஏனென்றால் அவர்களுக்குச் சேர்ந்து சாய்ந்தே பழக்கம்.

இரண்டு வட்டத்தையும் ஒட்டிப் போட்டால் எட்டு. லைசென்ஸ் தேர்வில் கால் ஊன்றாமல் போட வேண்டியது இதைத்தான்.

8. யூ டர்ன்

யூ டர்ன் அரை வட்டம்தான், ஆனால் தொடக்கமும் முடிவும் இருப்பதால் கடினம். இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே 10 மீட்டர் விட்டுத் தொடங்கி, 8, 7, 6 என்று குறையுங்கள். பல உள்தெருக்களின் தார் அகலம் அந்த ஆறு ஏழு மீட்டர்தான். ஸ்கூட்டர் அதில் திரும்பும், ஓட்டுகிறவர் திருப்பினால்.

வரிசை இதுதான்:

1. நேராக வரும்போதே இரண்டு பிரேக்காலும் நடை வேகத்துக்கு இறங்குங்கள். இறங்கியதும் வலது பிரேக்கை முழுக்க விட்டுவிடுங்கள். திரும்பிய ஹேண்டிலும் முன் பிரேக்கும் சேர்ந்தால் வண்டி உள்ளே சாய்ந்து விழும்.
2. ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே வைத்து நிலைநிறுத்துங்கள். இடது பிரேக் லேசாக இழுத்திருக்கட்டும்.
3. முகத்தைத் திருப்பி, வெளியேற வேண்டிய இடத்தைப் பாருங்கள். திரும்பத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும்.
4. வண்டியைச் சாய்த்துத் திருப்புங்கள். பாதி வழியில் ஆக்சிலேட்டரை மூடாதீர்கள்.
5. வண்டி வெளியேறும் திசைக்கு நேராக வந்ததும் இடது பிரேக்கை விடுங்கள். வண்டி தானாக நிமிர்ந்து போகும்.

நம் சாலையில் யூ டர்ன் வலது பக்கம்தான். அதனால் வலப்பக்கத்தை இரண்டு மடங்கு பழகுங்கள். அதுதான் கடினமான பக்கமும்கூட. ஏன் என்று கீழே பாருங்கள்.

9. எதிர் வீட்டு அக்கா: ஒரு தவறைக் கண்டுபிடித்த விதம்

அக்காவுக்கு 46 வயது. உயரம் ஐந்தடி. சைக்கிள் ஓட்டியதில்லை. மகளின் 110 சிசி வண்டியில் பழகினார். மூன்று நாள் தவழல், இரண்டு நாள் நேர்ப்பாதை, ஆறாம் நாள் யூ டர்ன்.

இடது பக்கம் ஆறரை மீட்டரில் திரும்பிவிடுவார். வலது பக்கம் ஒன்பது மீட்டருக்குக் கீழே வரவே இல்லை. நான்கு முறை கோலமாவில் தடம் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அரை வட்டத்தின் முதல் பாதி சரி, நடுவில் தடம் ஒரு முட்டு போல உள்ளே வளைந்து, உடனே வெளியே எகிறிப் போயிருந்தது. "எனக்கு வலப்பக்கம் வராது, தம்பி" என்று சொல்லிவிட்டார்.

பின்னால் நின்று பார்த்ததில் ஒன்றும் புரியவில்லை. முன்னால் போய் நின்றேன். ஹேண்டில் வலப்பக்கம் திரும்பும்போது வலது பிடி வயிற்றை நோக்கி வருகிறது. அக்கா முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார். கைக்குப் போக இடமில்லாமல் மணிக்கட்டு மடங்கியது, ஆக்சிலேட்டர் தானாக மூடியது. கிளட்ச் விட்டது, வண்டி சக்தி இழந்து உள்ளே சாய்ந்தது. அதுதான் மாவில் தெரிந்த முட்டு. பயந்து அவர் மறுபடி முறுக்கினார், வண்டி குதித்து வெளியே போனது. இடப்பக்கம் திரும்பும்போது வலது கை நீளுகிறது, மடங்குவதில்லை. அதனால்தான் அங்கே பிரச்சினை இல்லை.

இரண்டு மாற்றம் செய்தோம். முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் வெளியே. திரும்பும் முன் வலது உள்ளங்கையைப் பிடியில் சற்று முன்னே உருட்டி வைத்துக்கொண்டு, அப்புறம் ஆக்சிலேட்டர் கொடுப்பது. பிடி வயிற்றுப் பக்கம் வந்தாலும் மணிக்கட்டு நேராகவே இருக்கும். நின்றுகொண்டே, இன்ஜின் அணைத்து, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி பத்து முறை திருப்பி, முழங்கை எங்கே போகிறது என்று பார்த்தார். சீட்டில் ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார், பிடி வர இடம் கிடைத்தது. கால் ஊன்றும்போது மட்டும் மறுபடி முன்னே.

ஏழாம் நாள் ஏழரை மீட்டர். எட்டாம் நாள் காலை மூன்று முறை தொடர்ந்து ஆறு மீட்டர். தடத்தில் முட்டு இல்லை.

உங்கள் ஆள் ஒரு பக்கம் மட்டும் தடுமாறினால் முன்னால் நின்று கையைப் பாருங்கள். உயரமானவர்களுக்கு முழங்கால் ஹேண்டிலில் இடிக்கவும் செய்யும். அவர்களும் பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும்.

10. தெருவுக்கு இறங்கும்போது

பயிற்சி இடத்தில் ஆறு மீட்டர் யூ டர்ன் ஐந்தில் ஐந்து, 20 கிலோமீட்டரில் ஐந்து மீட்டர் நிறுத்தம் ஐந்தில் ஐந்து. அதுவரை தெரு வேண்டாம். முதல் தெரு, ஞாயிறு காலை, பஸ் போகாத உள்தெரு.

தெரு யூ டர்னில் புதிதாகச் சேர்வது மற்ற வண்டிகள். முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள். இடது ஓரமாக முழுக்க நிறுத்துங்கள். வலது இண்டிகேட்டர் போடுங்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி வலது தோளுக்கு மேலாகவும் பாருங்கள், கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் பைக் வரும். எதிர்ப்புறமும் காலியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காலியானதும் ஒரே வீச்சில் திரும்புங்கள். நடுத்தெருவில் நின்று யோசிப்பதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால் கிளம்பாதீர்கள், இன்னும் அரை நிமிடம் ஓரத்திலேயே நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடித்தாலும் சரி.

தெருவின் ஓரம் நடுவைவிடத் தாழ்வாக இருக்கும். வலப்பக்கம் திரும்பி எதிர் ஓரத்துக்கு இறங்கும்போது வண்டி தானாகக் கொஞ்சம் வேகம் எடுக்கும். பயிற்சி இடத்தில் இது இருந்திருக்காது. இடது பிரேக்கைக் கடைசி வரை விடாமல் வைத்திருங்கள். ஓர மணலில் சக்கரம் படும் முன்பே ஹேண்டில் நேராகிவிட வேண்டும், அதனால் தெரு அகலத்தில் ஒரு மீட்டரைக் கழித்துவிட்டுத்தான் இடம் போதுமா என்று முடிவெடுங்கள்.

இடம் போதவில்லை என்றால் இறங்கிவிடுங்கள். இன்ஜினை அணைத்து, உருட்டித் திருப்பி, ஏறிப் போகலாம். 2-ஆம் பகுதியில் பழகியது அதற்கும் சேர்த்துத்தான். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரை அணையுங்கள், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அது தானாக அணையாது.